சாப்பாட்டுக்குப் பிறகும் பள்ளிக்கூடம் உண்டு

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒன்று நடக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் தட்டைப் பைக்குள் வைத்து, பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுவார்கள். டீச்சர் போய்க் கூப்பிட்டால், "எங்கம்மா வருவாங்க" என்பார்கள். இன்னும் பள்ளி விடவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அதுவரை அழாத பிள்ளையும் அப்போது அழும்.

பெரியவர்கள் இதற்கு உடனே ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். அம்மா ஏக்கம், பயம், பிடிவாதம். ஆனால் அந்தப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைத்தான் சரியாகச் செய்திருக்கிறது. இரண்டு, மூன்று வருடம் அங்கன்வாடிக்குப் போன பிள்ளை அது. அங்கே சோறு சாப்பிட்டால் பாய் விரிப்பார்கள், தூங்கி எழுந்தால் வீடு. பல ஊர்களில் சாப்பாடு முடிந்த கையோடு அம்மாவோ பாட்டியோ வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சோற்றுக்குப் பின் வீடு என்பது அது நாள் தவறாமல் பார்த்துக் கற்ற பாடம். ஐந்து வயதில் கடிகாரம் பார்க்கத் தெரியாது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும் காரியங்கள்தான் அந்த வயதின் கடிகாரம். புதிய இடத்தில் அந்த வரிசை மாறிவிட்டது, யாரும் அதனிடம் சொல்லவில்லை.

அங்கன்வாடியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளுக்காகத் தயாரிக்கும் படப் புத்தகம் பேச வேண்டியது இந்த வரிசையைப் பற்றித்தான் என்று நான் நம்புகிறேன். பதினாறு பக்கம், நடுவில் இரண்டு ஸ்டேப்பிள் பின். அதன் வேலை பிள்ளைக்குத் தைரியம் ஊட்டுவது இல்லை. நாளை என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரியப்படுத்துவதுதான். தெரிந்தால் பாதிப் பயம் தானாகவே போய்விடும். மீதிப் பாதியைப் புத்தகத்தால் போக்க முடியாது. அதைப் பள்ளிதான் போக்க வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் கேத்தரின் நெல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் சின்னக் குழந்தைகளிடம் மிக எளிய கேள்விகளைக் கேட்டார்கள். உங்கள் பள்ளியில் சாப்பாட்டு நேரத்தில் என்ன நடக்கும், பிறந்தநாள் விழாவில் என்ன நடக்கும் என்பது போன்ற கேள்விகள். மூன்று வயதுக் குழந்தைகள்கூட நேற்று நடந்ததைக் கதையாகச் சொல்லவில்லை. எப்போதும் நடப்பதை, நடக்கும் வரிசையிலேயே சொன்னார்கள். கை கழுவுவோம், உட்காருவோம், சாப்பிடுவோம், பிறகு விளையாடுவோம் என்பது போல. இந்த ஆய்வுகள் 1986இல் ஒரு நூலாகத் தொகுக்கப்பட்டன. நமக்கு அதில் பயன்படும் செய்தி இது: குழந்தை ஓர் இடத்தை முதலில் அறிந்துகொள்வது அங்கே நடப்பவற்றின் ஒழுங்காகத்தான். அந்த ஒழுங்கு கைக்கு வந்துவிட்டால் மற்றதைக் கவனிக்க அதற்கு மனம் மிஞ்சும். ஒழுங்கு பிடிபடாதவரை அதன் கவனமெல்லாம் 'அடுத்து என்ன' என்பதிலேயே செலவாகிவிடும். அப்போது டீச்சர் பலகையில் எழுதும் 'அ' அதன் கண்ணில் படாது.

ஆஸ்திரேலியாவில் சூ டாக்கெட், பாப் பெர்ரி என்ற இரு கல்வி ஆய்வாளர்கள், பள்ளி தொடங்குவதில் எது முக்கியம் என்று பெற்றோர், ஆசிரியர், குழந்தைகள் மூன்று தரப்பிடமும் கேட்டார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் குழந்தை புது இடத்துக்குப் பழகிக்கொள்வதைப் பற்றிப் பேசினார்கள். குழந்தைகள் பேசியதில் முன்னால் வந்தது விதிகள். இங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, தெரியாமல் செய்துவிட்டால் என்ன ஆகும். பள்ளியைப் பற்றிய நம் கவலையும் குழந்தையின் கவலையும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆகவே புத்தகம் தயாரிக்க உட்கார்ந்தால் முதல் வேலை எழுதுவது இல்லை. போன வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்து, இப்போது இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகும் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக் கேட்பதுதான். "புதுசா வர்ற தம்பி தங்கச்சிக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்?" என்ற ஒரு கேள்வி போதும். அவர்கள் சொல்வதைக் கேட்டால் எந்தப் பெரியவரும் எழுதாத பொருளடக்கம் ஒன்று கிடைக்கும். தண்ணிக் குழாய் கெட்டியாக இருக்கும், இரண்டு கையால் திருப்ப வேண்டும். நீள மணி அடித்தால்தான் வீடு, சின்ன மணி அடித்தால் வீடு இல்லை. ஐந்தாம் வகுப்பு அண்ணன்கள் கத்துவார்கள், ஆனால் அடிக்கமாட்டார்கள். ஒண்ணுக்குப் போக வேண்டுமானால் சுண்டு விரலைக் காட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கு முன் தாங்கள் அஞ்சியது எது என்று அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்னும் இரண்டு வருடம் போனால் மறந்துவிடுவார்கள். அதனால் கேட்க வேண்டியது இரண்டாம் வகுப்பைத்தான், ஐந்தாம் வகுப்பை இல்லை.

நான்கு ஏ4 தாளை ஒன்றாக அடுக்கிக் குறுக்கே மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். முன்னட்டையும் பின்னட்டையும் போக உள்ளே பதினான்கு. இந்த எண்ணிக்கை நல்ல எஜமான். அது ஒரு நாளைப் பதினான்கு நிகழ்ச்சிகளாகச் சுருக்கச் சொல்லும், எதை விடுவது என்று யோசிக்கவைக்கும். பள்ளியின் வரலாறு, தலைமையாசிரியரின் வாழ்த்து, நற்பழக்கங்களின் பட்டியல் எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். மிஞ்சுவது இவைதான்: பள்ளியின் வாசல், காலைச் சாப்பாடு, அம்மா கிளம்புவது, பை வைக்கும் இடம், காலை வழிபாடு, டீச்சர், கழிப்பறைக்கு இரண்டு பக்கம், இடைவேளை, மதியச் சாப்பாடு, தட்டுக் கழுவுவது, மதிய வகுப்புக்கு இரண்டு பக்கம், வீட்டுக்குப் போவது.

இதில் தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு மாற்றம் இருக்கிறது. வேறு இடங்களில் தயாரிக்கும் இத்தகைய புத்தகங்களில் பள்ளிக்குள் நுழைந்ததும் பிள்ளை பார்க்கும் முதல் முகம் பெரும்பாலும் ஆசிரியருடையது. நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் இப்போது அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதற்குப் பிறகு பிள்ளையின் பள்ளி நாள் தொடங்குவது உப்புமாவிலோ கிச்சடியிலோ பொங்கலிலோதான். அம்மா விட்டுவிட்டுப் போகும் நேரமும் அதுவே. எனவே பிள்ளை முதலில் பார்ப்பது சமைக்கும் அக்காவை. கிராமங்களில் அவர் பெரும்பாலும் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர், பிள்ளை தெருவில் பார்த்துப் பழகிய முகம். இதைவிட நல்ல தொடக்கத்தை யாரும் திட்டமிட்டு அமைத்திருக்க முடியாது. புத்தகத்தில் அந்த அக்காவின் முகம் தெளிவாக இருக்க வேண்டும், கரண்டியும் கையுமாக. அதற்குக் கீழே இரண்டு வரி: 'காலையில் இந்த அக்கா எனக்குச் சாப்பாடு போடுவாங்க. சில நாள் உப்புமா, சில நாள் பொங்கல்.'

'சில நாள்' என்பதில் கவனம் வேண்டும். 'தினமும் பொங்கல்' என்று எழுதி, முதல் நாள் உப்புமா வந்தால் புத்தகம் பொய் சொல்லிவிட்டது என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அந்த வயதில் சொன்ன சொல் அப்படியே நடக்க வேண்டும். ஒரு பக்கம் பொய்த்தால் அடுத்த பக்கத்தையும் அது நம்பாது. மாறக்கூடியதை மாறும் என்றே எழுதிவிடுவது நல்லது.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பள்ளிகளில் பணியாற்றிய கேரல் கிரே என்ற ஆசிரியை 1990களின் தொடக்கத்தில் 'சமூகக் கதைகள்' என்ற சிறிய எழுத்து வடிவத்தை உருவாக்கினார். ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், யார் ஏன் எப்படி நடந்துகொள்வார்கள் என்று குழந்தைக்கு விளக்கும் குட்டிக் கதைகள் அவை. அதில் அவர் வைத்த ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். 'இப்படிச் செய்' என்று வழிகாட்டும் ஒரு வாக்கியத்துக்கு, நடப்பதை உள்ளபடி சொல்லும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எந்தக் குழந்தைக்கும் வைத்துக்கொள்ளலாம். நம் பள்ளிகளில் தயாராகும் துண்டறிக்கைகளை எடுத்துப் பார்த்தால் கணக்குத் தலைகீழாக இருக்கும். வரிசையில் நிற்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, சிந்தக்கூடாது, அழக்கூடாது. அதைப் படித்துக்காட்டக் கேட்கும் பிள்ளைக்குப் பள்ளியில் என்ன நடக்கும் என்பது மட்டும் தெரியாமலே போகும். தான் என்னென்ன தப்புச் செய்யக்கூடும் என்பது நன்றாகத் தெரிந்துவிடும்.

அம்மா கிளம்பும் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதைப் பல பேர் விட்டுவிடுகிறார்கள், ஞாபகப்படுத்தினால் அழும் என்று. சிலர் 'அம்மா டாட்டா சொல்லுவாங்க, நான் அழமாட்டேன்' என்று எழுதுகிறார்கள். இரண்டாவது வழி முதலாவதைவிட மோசம். அழுகை வந்துவிட்டால், பிள்ளை அம்மாவையும் இழந்து புத்தகத்துக்குக் கொடுத்த வாக்கையும் மீறியதாகிவிடுகிறது. அந்தப் பக்கத்துக்கு நான் எழுதுவது இப்படி: 'நான் சாப்பிட உட்கார்ந்ததும் அம்மா வேலைக்குப் போவாங்க. எனக்கு அழுகை வந்தாலும் வரலாம். அழுதா சமையல் அக்கா பக்கத்துல உட்காருவாங்க. நீள மணி அடிச்சதும் அம்மா கேட்டுக்கு வருவாங்க.' நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூடக் கட்டளை இல்லை. அழுகைக்கு இடம் இருக்கிறது, அழுதால் யார் வருவார் என்று இருக்கிறது, அம்மா எப்போது வருவார் என்பது பிள்ளை காதால் கேட்கக்கூடிய ஒன்றோடு கட்டப்பட்டிருக்கிறது. 'சாயங்காலம் நாலு மணிக்கு வருவாங்க' என்று எழுதினால் அது பெரியவர்களுக்கான தகவல்.

பாட்டி வந்து கூட்டிப்போகும் வீடு என்றால் 'அம்மா' என்ற இடத்தில் 'பாட்டி' இருக்க வேண்டும். அதனால் அந்தச் சொல்லை அச்சிடாமல் கோடு மட்டும் போட்டுவிட்டு, புத்தகத்தைக் கொடுக்கும்போது அங்கன்வாடிப் பணியாளரோ டீச்சரோ பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். தாய் தந்தை வெளியூர் வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் கிராமங்களில் எத்தனை பேர் என்று யோசித்தால் அந்தக் கோட்டின் தேவை புரியும்.

படங்களைப் பொறுத்தவரை, புகைப்படம்தான் வேண்டும் என்பது என் கட்சி. பூவும் சிரிக்கும் சூரியனுமாக வரைந்த பள்ளிக்கூடம் எந்த ஊரிலும் இல்லை. பிள்ளை அந்தப் படத்தில் தன் பள்ளியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மிகச் சிறிய குழந்தைகள் படப் புத்தகத்தில் கற்றதை நிஜப் பொருளோடு பொருத்திப் பார்ப்பது கார்ட்டூன் படங்களைவிடப் புகைப்படங்களில் எளிதாக நடக்கிறது என்று பாட்ரீசியா கானியா, ஜூடி டிலோச் முதலியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது ஒன்றரை வயதை ஒட்டிய குழந்தைகளிடம் செய்தது. ஐந்து வயதுப் பிள்ளை எந்தப் படத்தையும் புரிந்துகொள்ளும். ஆனால் இங்கே நாம் கேட்பது புரிந்துகொள்வதை மட்டும் இல்லை. முதல் நாள் உள்ளே நுழையும்போது, 'இந்தக் குழாயை நான் பாத்திருக்கேன்' என்று அது சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்ல வேண்டுமானால் படத்தைப் பிள்ளையின் கண்மட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து சுமார் மூன்றேகால் அடியில் இருக்கிறது. செல்போனை அந்த உயரத்தில் பிடித்துப் பள்ளியைச் சுற்றி நடந்து பார்த்தால், பல வருடமாக அங்கே வேலை பார்ப்பவருக்கே அது வேறு பள்ளியாகத் தெரியும். தலைமையாசிரியர் அறை மேஜையின் மேல்பக்கம் தெரியாது. தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மூக்குக்கு நேரே இருக்கும். வழிபாட்டு வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும், கொடிக்கம்பத்தின் அடி தெரியாது. அந்த முதுகைத்தான் படம் எடுக்க வேண்டும். வெளிச்சத்துக்காக வராந்தாவில் ஏறி நின்று எடுத்த அழகான படம், பிள்ளை ஒருநாளும் பார்க்கப்போகாத காட்சி.

படங்களில் மற்றப் பிள்ளைகளின் முகம் தேவையில்லை. கை, முதுகு, தட்டு போதும். பெற்றோரிடம் அனுமதி கேட்க வேண்டிய சிக்கல் குறையும் என்பது ஒரு காரணம். அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். முகம் தெரிய வேண்டியவர்கள் பிள்ளை உதவி கேட்டுப் போக வேண்டிய பெரியவர்கள் மட்டுமே.

இங்கேதான் ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். புத்தகம் ஏப்ரலில் தயாராகும். ஆசிரியர் பணியிட மாறுதல் கலந்தாய்வு பெரும்பாலும் கோடை விடுமுறையை ஒட்டி நடக்கும். புத்தகத்தில் சிரித்துக்கொண்டிருந்த டீச்சர் ஜூனில் வேறு ஒன்றியத்தில் இருப்பார். வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய முகம் இல்லாமல் வேறொரு முகம் வந்து நின்றால், புத்தகம் இல்லாமலே வந்திருந்தால் பரவாயில்லை என்று ஆகிவிடும். அதனால் டீச்சர் பக்கத்தில் படம் அச்சிடாமல் ஒரு கட்டம் மட்டும் விட்டு, 'இங்கே என் டீச்சர் படம் ஒட்டுவேன்' என்று எழுதிவைப்பது நல்லது. பள்ளி திறந்த முதல் நாள், வகுப்புக்கு வந்த டீச்சரின் படத்தை ஸ்டாம்பு அளவில் வெட்டி அவரே தன் கையால் ஒட்டிக் கொடுக்கலாம். வீட்டிலிருந்து வந்த புத்தகம் அப்படித்தான் வகுப்பறைக்குள் நுழையும். கூடவே, டீச்சருக்கு அதைப் படித்துப் பார்க்க ஒரு காரணமும் கிடைக்கும்.

இரண்டு ஆசிரியர் மட்டும் உள்ள பள்ளிகளில் இன்னொன்றையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் பல இடங்களில் ஒரே அறையில் உட்கார்ந்து, அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் படிக்கிறார்கள். அங்கன்வாடியில் பெரிய பிள்ளையாக இருந்தது இங்கே அறையிலேயே சின்னப் பிள்ளையாகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் அக்கா சரளமாகப் படிப்பதைப் பார்த்து, தனக்கும் இப்போதே படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறது. 'இந்த அக்காக்களும் அண்ணன்களும் போன வருஷமே வந்தவங்க. நான் இப்பதான் வந்திருக்கேன்' என்ற இரண்டு வாக்கியம் அந்தத் தவறான நினைப்பை அவிழ்த்துவிடும்.

கழிப்பறைக்கு இரண்டு பக்கம் என்றேன். புத்தகத்தின் சரிநடுவில், தாள் வெட்டுப்படாமல் விரியும் பக்கங்கள் அவை. அந்த இடத்தை வேண்டுமென்றே அதற்குக் கொடுக்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் நாளைக் கெடுப்பது பாடமும் இல்லை, டீச்சரும் இல்லை, பெரும்பாலும் இதுதான். அங்கன்வாடியில் ஆயாவின் சேலையைப் பிடித்து இழுத்தால் போதும், அவர் கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, கழுவிவிட்டுக் கூட்டி வருவார். இங்கே அதே காரியத்தில் ஒன்பது படிகள் இருக்கின்றன. விரலைக் காட்ட வேண்டும், டீச்சர் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், எந்தக் கதவு என்று தெரிய வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், தனியாக உட்கார வேண்டும், தானே கழுவிக்கொள்ள வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும், உடுப்பைச் சரிசெய்ய வேண்டும், வகுப்புக்குத் திரும்ப வழி தெரிய வேண்டும். இவற்றில் எந்த ஒன்று முடியாது என்று தோன்றினாலும் பிள்ளை எளிய வழியைக் கண்டுபிடித்துவிடும். தண்ணீர் குடிக்காமல் இருக்கும், அல்லது சாயங்காலம்வரை அடக்கிக்கொள்ளும். பள்ளி விட்டதும் வீட்டுக்குள் ஓடிவந்து நேரே கொல்லைக்குப் போகும் பிள்ளையும், கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை நிறையத் திருப்பிக் கொண்டுவரும் பிள்ளையும் இதைத்தான் சொல்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு பள்ளியில் இந்த நடுப்பக்கத்துக்குப் படம் எடுக்கப் போனோம். பெண் பிள்ளைகளின் கதவை உள்ளிருந்து எடுக்க வேண்டும், தாழ்ப்பாள் தெரிய வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பு டீச்சர் விரும்பினார். செல்போனை மூன்றேகால் அடியில் பிடித்தால் தாழ்ப்பாள் படத்துக்குள் வரவே இல்லை. அது பெரியவர்களின் தோள் உயரத்தில் இருந்தது. ஒன்றாம் வகுப்பை முடித்திருந்த ஒரு சிறுமியைக் கேட்டோம். "நான் கதவை ஒரு கையால புடிச்சுக்குவேன் டீச்சர்" என்றாள். மக் ஒன்று, பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர், கதவில் ஒரு கை என்று ஒரு வருடம் முழுக்கச் சமாளித்திருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை, யாரும் கேட்டதில்லை.

அந்தப் பக்கத்துக்கு என்ன எழுதுவது? 'நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன்' என்றால் பொய். 'நான் கதவைக் கையால் பிடித்துக்கொள்வேன்' என்று எழுதி அச்சிட டீச்சருக்கு மனம் வரவில்லை. படத்தைத் தள்ளிவைத்தோம். இரண்டே நாளில் தச்சரைக் கூப்பிட்டு, ஏற்கெனவே இருந்த தாழ்ப்பாளுக்குக் கீழே இரண்டே முக்கால் அடி உயரத்தில் இன்னொரு கொக்கி அடித்தார்கள். வாளியை எடுத்துவிட்டு, பிள்ளை தூக்கக்கூடிய சின்ன வாளி ஒன்றை வைத்தார்கள். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. பிறகு எடுத்த படத்தில் கொக்கி நட்டநடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே வரி: 'இந்தக் கொக்கி எனக்கு எட்டும்.'

இப்படி ஒரு புத்தகத்தால் பள்ளிக்கு ஆகும் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன். படம் எடுக்கக் கூசும் இடம் எதுவோ அதுதான் சரிசெய்ய வேண்டிய இடம். குழந்தைக்கு முன்கூட்டியே காட்ட முடியாத ஒன்றைக் குழந்தை அனுபவிக்கட்டும் என்று எப்படி விடுவது? தண்ணீர் வராத குழாயையும், மழையில் வழுக்கும் படியையும், மிரட்டிப் பேசும் ஒருவரையும் எந்த வாக்கியத்தாலும் பூசி மெழுக முடியாது. உள்ளதை எழுது என்ற ஒரே விதியைப் பிடித்துக்கொண்டால், எழுத்து வேலை சீக்கிரமே மராமத்து வேலையாகிவிடும்.

மதியத்துக்கு வருவோம். தட்டுக் கழுவும் படமும், அதன்பின் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் படமும் எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே பார்வையில் தெரியும்படி வர வேண்டும். இடப்பக்கத்தில்: 'சாப்பிட்டதும் என் தட்டை நானே கழுவுவேன்.' வலப்பக்கத்தில்: 'இன்னும் வீட்டுக்கு நேரம் ஆகல. நாங்க திரும்பவும் வகுப்புக்குப் போவோம்.' அடுத்த பக்கத்தில் தூக்கம். அங்கன்வாடியில் பாய் விரித்துத் தூங்கிய உடம்பு ஜூன் மாத வெயிலில் இரண்டு மணிக்குத் தூக்கம் கேட்கும். அதைப் பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சில டீச்சர்கள் அறையின் ஓரத்தில் பாய் போட்டு, முதல் மாதம் மட்டும் தூங்குகிற பிள்ளையைத் தூங்க விடுகிறார்கள். அப்படியானால் பாயைப் படமெடுத்துப் போடலாம். விடுவதில்லை என்றால், 'எனக்குத் தூக்கம் வரும். முகம் கழுவிட்டு வந்து பாட்டுப் பாடுவோம்' என்று எழுதலாம். இரண்டில் எதுவானாலும் தூக்கம் வருவது தன் குற்றம் இல்லை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

புத்தகத்தை வீட்டுக்கு எப்போது கொடுப்பது என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஏப்ரலிலேயே கொடுத்தால் ஜூனுக்குள் கிழிந்தோ மறந்தோ போகும். முந்தின நாள் கொடுத்தால் பழக நேரமில்லை. பள்ளி திறப்பதற்கு இரண்டு, மூன்று வாரம் முன்பு என்பது சரியாக இருக்கும். முடிந்தால் அதற்கு முன்பே, அங்கன்வாடிப் பிள்ளைகளை ஒருநாள் பள்ளிக்குள் கூட்டிவந்து, காலை உணவு நேரத்தில் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை உட்காரவைக்க வேண்டும். அந்த வருகை இருந்தால் புத்தகம் நினைவூட்டலாக வேலை செய்யும். வருகை இல்லாவிட்டால் புத்தகம் மட்டும் பாதி வேலையைத்தான் செய்யும்.

படிக்கத் தெரியாத பாட்டிதான் வீட்டில் இருக்கிறார் என்றால்? படங்களின் வரிசை மட்டுமே நாளைச் சொல்லிவிட வேண்டும் என்பதற்கு அதுதான் காரணம். எழுத்தை மறைத்துவிட்டு, பள்ளிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து நாளைச் சொல்லச் சொன்னால், எங்கே தடுக்குகிறார் என்று தெரியும். தடுக்கிய இடத்தில் படம் தவறு. பாட்டிகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். "பயப்படாம போவியா?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளை தலையாட்டிவிடும், அதிலிருந்து நமக்கு எதுவும் தெரியாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சாப்பிட்டதும் அப்புறம் என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை சொல்லும் வரிசையில் எது விடுபடுகிறதோ, எந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுகிறதோ, எந்தப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நகராமல் இருக்கிறதோ, அதுதான் டீச்சருக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி.

இந்தப் புத்தகத்தால் ஆகாததும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வரும் புலம்பெயர்ந்த தொழிலாளரின் பிள்ளைக்குப் படம் உதவும், ஆனால் சுண்டு விரலைக் காட்டினால் புரிந்துகொள்ளும் டீச்சரும், பக்கத்தில் உட்காரும் ஒரு பிள்ளையும் அதைவிட உதவுவார்கள். முதல் மாதம் முடிந்தும் கேட்டைவிட்டு நகராத பிள்ளைக்கும், பேசவே பேசாத பிள்ளைக்கும் வேறு உதவி வேண்டும். பக்கங்களைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வு இல்லை. அங்கன்வாடிக்கே போகாமல் வீட்டிலிருந்து நேரே வரும் பிள்ளைக்குப் பழைய வரிசை என்று ஒன்று இல்லை, அதனால் எல்லாமே புதிது. அந்தப் பிள்ளைக்குப் புத்தகத்தைவிட முதல் வாரம் அரைநாள் பள்ளி நல்லது.

பின்னட்டையில் மூன்று பெரியவர்களின் படங்கள், 'எனக்கு ஏதாவது ஆயிட்டா இவங்ககிட்ட சொல்லுவேன்' என்ற ஒரு வரி. சமையல் அக்கா, வகுப்பு டீச்சர், தலைமையாசிரியர். மாறுதலில் போகக்கூடியவரின் படத்துக்கு இங்கேயும் கட்டம்தான். அந்த வரியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் மூவரையும் கூட்டி ஒரு தடவை வாசித்துக் காட்டுவது நல்லது. ஒரு பிள்ளை வந்து நனைந்த உடுப்போடு முன்னால் நின்றால் என்ன செய்வீர்கள், மாற்று உடுப்பு எங்கே இருக்கிறது, வேலை இருக்கிறது போ என்று யாராவது சொல்லிவிடுவீர்களா என்று மூவரும் பேசி முடிவெடுக்க வேண்டும். பெயர் போட்டு, படம் போட்டு, ஊரிலுள்ள ஒவ்வொரு ஒன்றாம் வகுப்பு வீட்டுக்கும் அனுப்பும் வாக்குறுதி அது. மூவரும் சம்மதித்தால் அச்சடிக்கலாம். ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கம் தீரும்வரை பேசலாம், அச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.